ஒன்பதே மாதிரிகள்: அரிய வகைகளைத் தவறவிடாமல் தரவைப் பிரிப்பது எப்படி?

கணினிக்கு ஒன்றை வகைபிரிக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் கையிலிருக்கும் தரவை இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். பெரிய பங்கைக் காட்டிக் கணினியைப் பழக்குவார்கள். அது பயிற்சித் தொகுப்பு. சிறிய பங்கைக் கணினியின் கண்ணில் காட்டாமல் எடுத்துவைத்து, கடைசியில் அதைக் கொண்டு கணினி எவ்வளவு கற்றிருக்கிறது என்று பார்ப்பார்கள். அது சோதனைத் தொகுப்பு. நூற்றுக்கு எண்பது பயிற்சிக்கு, இருபது சோதனைக்கு என்பது பரவலான வழக்கம். எந்த மாதிரி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கல்போலத் தற்செயலுக்கு விட்டுவிடுவதும் வழக்கம். தரவில் எல்லா வகைகளும் ஏராளமாக இருந்தால் இந்தக் குலுக்கல் போதும். ஏதேனும் ஒரு வகை மிகக் குறைவாக இருந்தால் போதாது. அந்த வகை முழுவதுமாக ஒரே பக்கம் போய்விடக்கூடும். போனதை யாரும் கவனிக்காமலும் போகக்கூடும்.

இதற்கான மாற்றுதான் வகைவாரிப் பிரிப்பு. நிரல் எழுதுவோர் ‘ஸ்ட்ராட்டிஃபைடு ஸ்பிளிட்’ என்பார்கள். மொத்தத் தரவையும் ஒன்றாகக் குலுக்காமல், ஒவ்வொரு வகையையும் தனித்தனியே குலுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் அதே விகிதத்தில் சோதனைக்கு எடுப்பது இதன் சாரம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் எண்கள் சிறியவையாகும்போது இதற்குள் பல நுணுக்கங்கள் தலைகாட்டும். அவற்றைப் பார்க்க உலகெங்கும் பாடம் நடத்தப் பயன்படும் ஒரு சின்னத் தரவுத் தொகுப்பே போதும்.

பிரிட்டன் உள்துறையின் தடய அறிவியல் பிரிவு ஆல்டர்மாஸ்டனில் ஓர் ஆய்வு நிலையம் வைத்திருந்தது. அங்கே திரட்டப்பட்ட கண்ணாடிப் பகுப்பாய்வு அளவுகள் 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலுள்ள இயந்திரக் கற்றல் தரவுக் களஞ்சியத்துக்கு வழங்கப்பட்டன. குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் கண்ணாடிச் சில்லு எதிலிருந்து உடைந்தது என்று சொல்ல முடிந்தால் அது ஒரு சான்றாகும் என்பது இந்த முயற்சியின் நோக்கம். தொகுப்பில் 214 மாதிரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒளிவிலகல் எண்ணும், சோடியம், மெக்னீசியம், பொட்டாசியம், பேரியம், இரும்பு உள்ளிட்ட எட்டுத் தனிமங்களின் அளவும் குறிக்கப்பட்டுள்ளன.

வகைகளின் எண்ணிக்கைதான் இங்கே முக்கியம். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் ஃப்ளோட் முறையில் தயாரான கட்டட ஜன்னல் கண்ணாடி 70. வேறு முறையில் செய்த கட்டட ஜன்னல் கண்ணாடி 76. வாகன ஜன்னல் கண்ணாடி 17. குப்பி, ஜாடி போன்ற கலங்கள் 13. வாகன முகப்பு விளக்குக் கண்ணாடி 29. சாப்பாட்டு மேசையில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரங்கள் வெறும் 9. இந்த ஒன்பதுதான் இக்கட்டுரையின் அரிய வகை. மொத்தத்தில் அது நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேல்.

குறைவாக இருந்தாலும் இந்த ஒன்பதுக்கும் தெளிவான அடையாளம் இருக்கிறது. ஒன்பதிலும் பொட்டாசியம், பேரியம், இரும்பு மூன்றும் பூச்சியம்; சோடியம் மற்றவற்றைவிடச் சற்றுத் தூக்கல். ஆகவே கணினியால் இந்த வகையைக் கற்றுக்கொள்ள முடியும். பயிற்சியில் அதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது வெறும் குலுக்கலில் பிரித்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். 214இல் ஐந்தில் ஒரு பங்கு 42.8, மேல் எண்ணுக்கு முழுமையாக்கினால் சோதனைக்கு 43 மாதிரிகள். மீதி 171 பயிற்சிக்கு. மேசைப் பாத்திர மாதிரி ஒன்றுகூடச் சோதனைப் பக்கம் போகாமல் இருக்க வேண்டுமென்றால் ஒன்பதும் அந்த 171க்குள் விழ வேண்டும். முதல் மாதிரி அங்கே விழும் வாய்ப்பு 171/214, அடுத்ததற்கு 170/213, அதற்கடுத்து 169/212 என்று ஒன்பது பின்னங்களைப் பெருக்கினால் 0.127 வருகிறது. அதாவது ஏறக்குறைய எட்டுத் தடவைக்கு ஒரு தடவை சோதனைத் தொகுப்பில் மேசைப் பாத்திரமே இருக்காது.

மற்ற வாய்ப்புகளையும் இப்படியே கணக்கிடலாம். ஒரே ஒரு மாதிரி சோதனைக்குப் போவது நூற்றுக்கு 30 தடவை. நியாயமான பங்கான இரண்டு போவது 31 தடவை. மூன்று போவது 18 தடவை. நான்கோ அதற்கு மேலோ போவது 8 தடவை. அப்போது பயிற்சிக்கு ஐந்தோ அதற்கும் குறைவாகவோதான் மிஞ்சும். ஆக, குலுக்கல் சரியான பங்கைத் தருவது பத்துக்கு மூன்று தடவை மட்டுமே.

சோதனையில் ஒரு வகை காணாமல் போவதன் கேடு என்னவென்றால், அது பிழையாக வெளியே தெரிவதில்லை. நல்ல மதிப்பெண்ணாகத்தான் தெரிகிறது. மேசைப் பாத்திரத்தை ஒருபோதும் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு மாதிரியமைப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மற்ற ஐந்து வகைகளிலும் அது சராசரியாக நூற்றுக்கு 75ஐச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. ஆறு வகைகளும் சோதனையில் இருந்தால், மேசைப் பாத்திரத்துக்குப் பூச்சியம் விழுந்து, வகைகளின் சராசரி 62.5 ஆக இறங்கும். மேசைப் பாத்திரம் சோதனையில் இல்லாவிட்டால் ஐந்து வகைகளுக்கு மட்டும் சராசரி எடுக்கப்பட்டு 75 என்று வரும். கணிக்கும் நிரலுக்கு ஆறாவது வகை ஒன்று இருந்ததே தெரியாது. விடைகளிலும் கணிப்புகளிலும் எந்தெந்த வகைகள் தென்படுகின்றனவோ அவற்றை மட்டும்தான் அது எண்ணும். எச்சரிக்கைச் செய்தி எதுவும் திரையில் வராது. எதையும் மாற்றாமலே பன்னிரண்டரைப் புள்ளி கூடிவிட்டது.

வகைகளின் சராசரியைப் பார்க்காமல் மொத்தத்தில் எத்தனை சரி என்று மட்டும் பார்ப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். மேசைப் பாத்திரம் முழுவதையும் தவறவிட்டாலும் மொத்த மதிப்பெண்ணில் சராசரியாக நூற்றுக்கு நாலேகாலுக்கு மேல் குறையாது. அந்தக் குறைவை ஒருவர் கவனித்தாலும் அதை இந்த வகையோடு தொடர்புபடுத்த மாட்டார்.

மறுபக்கக் கேடு பயிற்சியில் ஒரு வகை இல்லாமல் போவது. இது வெறும் குலுக்கலில் அபூர்வம். ஆனால் குலுக்கவே மறந்தால் நிச்சயம் நடக்கும். மேற்படிக் கண்ணாடிக் கோப்பு வகை வாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது: முதலில் ஜன்னல் கண்ணாடிகள், கடைசியில் கலங்கள், மேசைப் பாத்திரங்கள், முகப்பு விளக்குகள். கோப்பின் கடைசி 43 வரிகளை அப்படியே வெட்டிச் சோதனைக்கு எடுத்தால் அதில் 29 முகப்பு விளக்கும், 9 மேசைப் பாத்திரமும், 5 கலமும் இருக்கும். பயிற்சித் தொகுப்பில் முகப்பு விளக்கும் மேசைப் பாத்திரமும் ஒன்றுகூட இருக்காது. சோதனைக் கேள்விகள் 43இல் 38க்குக் கணினியால் சரியான விடையைச் சொல்லவே முடியாது. அந்தப் பெயர்களை அது கேள்விப்பட்டதே இல்லை. இந்தத் தவறு குறைந்தபட்சம் சத்தமாக நடக்கிறது. மதிப்பெண் அதலபாதாளத்துக்குப் போவதால் உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் நடக்கும் முதல் தவறுதான் அதிகம் அஞ்சத்தக்கது.

வகைவாரிப் பிரிப்பு இதை எப்படிச் சரிசெய்கிறது? 43ஐ 214ஆல் வகுத்தால் 0.2009. ஒவ்வொரு வகையின் எண்ணிக்கையையும் இதனால் பெருக்கினால் அந்த வகைக்குச் சோதனையில் உரிய பங்கு கிடைக்கும். 70க்கு 14.07, 76க்கு 15.27, 17க்கு 3.42, 13க்கு 2.61, 9க்கு 1.81, 29க்கு 5.83. கண்ணாடி மாதிரியை முக்கால், அரை என்று பங்குபோட முடியாது. முழு எண் வேண்டும். முதலில் பின்னத்தை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் எடுக்கிறார்கள்: 14, 15, 3, 2, 1, 5. கூட்டினால் 40. இன்னும் 3 இடம் மீதி. அந்த மூன்றும் யாருடைய பின்னம் பெரியதோ அவர்களுக்குப் போகின்றன. முகப்பு விளக்கின் பின்னம் .83, மேசைப் பாத்திரத்தினுடையது .81, கலத்தினுடையது .61, இம்மூன்றும் ஆளுக்கு ஒன்று பெறுகின்றன. இறுதியில் சோதனைத் தொகுப்பில் வகைகள் 14, 15, 3, 3, 2, 6 என்று அமைகின்றன. மேசைப் பாத்திரம் சோதனையில் இரண்டு, பயிற்சியில் ஏழு. எத்தனை தடவை பிரித்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது.

தற்செயல் இங்கே ஒழிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எத்தனை மாதிரி என்பதுதான் உறுதியாகிறது. ஒன்பதில் எந்த இரண்டு என்பதை இன்னும் குலுக்கலே தீர்மானிக்கிறது. அந்தக் குலுக்கல் இல்லாவிட்டால் கோப்பில் முதலில் எழுதப்பட்ட இரண்டே எப்போதும் சோதனைக்குப் போகும். அவை ஒரே நாளில் அளக்கப்பட்டவையாகவோ ஒரே பொருளிலிருந்து வந்தவையாகவோ இருந்தால் சோதனை ஒருதலைப்பட்சமாகிவிடும்.

பைத்தான் மொழியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் இது ஒரே ஒரு சொல்லால் நடக்கிறது:

```python
from sklearn.model_selection import train_test_split

X_tr, X_te, y_tr, y_te = train_test_split(
    X, y, test_size=0.2, stratify=y, random_state=7)

print(y_tr.value_counts())
print(y_te.value_counts())
```

`stratify=y` என்பதுதான் அந்தச் சொல். அதை எழுதாவிட்டால் நூலகம் வெறும் குலுக்கலையே செய்யும். இதில் ஒரு முரண் இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். தரவைப் பல கூறாக்கி மாறி மாறிச் சோதிக்கும் `cross_val_score` என்ற கருவிக்கு, வகைபிரிக்கும் வேலையையும் கூறுகளின் எண்ணிக்கையையும் மட்டும் கொடுத்தால் அது தானாகவே வகைவாரியாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரே நூலகத்தில் ஒரு கருவி கேட்காமலே செய்வதை இன்னொன்று கேட்டால்தான் செய்யும். அதனால்தான் மேலே கடைசி இரண்டு வரிகள் அவசியமாகின்றன. பிரித்த உடனே இரு பக்கமும் ஒவ்வொரு வகையும் எத்தனை இருக்கிறது என்று அச்சிட்டுக் கண்ணால் பார்ப்பதைவிட உறுதியான சரிபார்ப்பு வேறில்லை.

இனி இந்த முறையின் எல்லைகள். ‘வகைவாரியாகப் பிரித்துவிட்டால் எல்லா வகையும் இரு பக்கமும் வந்துவிடும்’ என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது எப்போதும் உண்மையல்ல. இதே 214 மாதிரிகளில் இரண்டே உறுப்பினர் கொண்ட வகை ஒன்று இருந்திருந்தால் அதன் பங்கு 0.4. முழு எண் பூச்சியம்; பின்னம் .4. மீதி இடங்களுக்கான போட்டியில் அதைவிடப் பெரிய பின்னங்கள் முந்திக்கொண்டால் அந்த வகைக்குச் சோதனையில் இடமே கிடையாது. நூலகம் இதைத் தடுப்பதில்லை. ஒரு வகையில் ஒரே ஒரு மாதிரி இருந்தால் மட்டும் ‘மிகக் குறைவு’ என்று பிழை சொல்லி நின்றுவிடுகிறது. ஒன்றை எப்படியும் இரு பக்கமும் வைக்க முடியாது என்பதால் அது நியாயமே. இரண்டு இருந்தால் மௌனமாகக் கடந்துபோகிறது. ஐந்தில் ஒரு பங்கு சோதனைக்கு என்றால் ஒரு வகையில் குறைந்தது ஐந்து மாதிரி இருந்தால்தான் பங்கு ஒன்றை எட்டும்; அதற்குக் கீழே போனால் உத்தரவாதம் இல்லை.

அப்படிப்பட்ட வகைகளை என்ன செய்வது? இன்னும் மாதிரி தேடித் திரட்டுவதே முதல் வழி. முடியாதபோது நெருங்கிய வகைகளைச் சேர்த்து ஒன்றாக்கலாம். கண்ணாடித் தொகுப்பிலேயே இதற்கு இயல்பான வழி இருக்கிறது: ஜன்னல் கண்ணாடி 163, ஜன்னல் அல்லாதவை 51 என்று இரண்டாகப் பார்க்கலாம். ஆனால் சேர்ப்பது கேள்வியையே மாற்றுகிறது. ‘இது ஜன்னலா இல்லையா’ என்பதற்கு விடை தெரிந்தால் போதுமென்றால் சேர்க்கலாம். தண்ணீர்க் குவளையா சீசாவா என்பதே வழக்கின் கேள்வியென்றால் சேர்த்தால் பயனில்லை. இந்தத் தொகுப்பிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. வகைகளுக்கு இடப்பட்ட எண்கள் 1, 2, 3, 5, 6, 7. நான்காம் எண் ஃப்ளோட் அல்லாத முறையில் செய்த வாகன ஜன்னலுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு ஒரு மாதிரிகூடக் கிடைக்கவில்லை. தரவில் இல்லாததை எந்தப் பிரிப்பும் உண்டாக்காது. அப்படிப்பட்ட சில்லு நாளை ஆய்வகத்துக்கு வந்தால், தெரிந்த ஆறு பெயர்களில் ஒன்றைத்தான் கணினி அதற்குச் சூட்டும்.

இரண்டாவது எல்லை இன்னும் ஆழமானது. வகை சோதனையில் இருப்பது வேறு. அதைப் பற்றி நம்பத்தக்க முடிவுக்கு வருவது வேறு. மேசைப் பாத்திரத்துக்குச் சோதனையில் இரண்டு மாதிரிதான். எனவே அந்த வகையில் கணினி பெறக்கூடிய மதிப்பெண் 0, 50, 100 ஆகிய மூன்றில் ஒன்று மட்டுமே. ஒரு மாதிரி இப்படியா அப்படியா என்பதில் ஐம்பது புள்ளி ஏறி இறங்கும். ‘மேசைப் பாத்திரத்தை நூற்றுக்கு நூறு கண்டுபிடிக்கிறது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், எத்தனைக்கு எத்தனை என்று கேட்காமல் அதை ஏற்கக்கூடாது.

இதற்குச் சற்று மேலான வழி, தரவை ஐந்து கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் ஒரு முறை சோதனையாகவும் மற்ற நான்கையும் பயிற்சியாகவும் வைப்பது. இதையும் வகைவாரியாகவே செய்ய வேண்டும். அப்போது ஒன்பது மேசைப் பாத்திரங்கள் ஐந்து கூறுகளிலும் 2, 2, 2, 2, 1 என்று பரவும். ஐந்து சுற்றும் முடிந்ததும் ஒன்பதும் ஒவ்வொரு முறை சோதிக்கப்பட்டிருக்கும். 1995இல் ரான் கோஹாவி பல தரவுத் தொகுப்புகளை வைத்து மதிப்பீட்டு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்து, மாதிரியமைப்பைத் தேர்ந்தெடுக்க வகைவாரியான பத்துக் கூறு முறையைப் பரிந்துரைத்தார். பத்துக் கூறு என்பது பின்னர் பரவலான வழக்கமானது. ஆனால் ஒன்பதே உள்ள வகையைப் பத்துக் கூறுக்குப் பங்கிட முடியாது. ஒரு கூறில் அது இருக்காது. அரிய வகையின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே கூறுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். இங்கே மூன்று கூறாகப் பிரித்தால் 3, 3, 3 என்று சமமாக விழும். பயிற்சிக்கு ஆறுதான் கிடைக்கும் என்பது அதற்கான விலை.

கூறுகளின் மதிப்பெண்ணைச் சேர்க்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு கூறிலும் தனித்தனியே சதவீதம் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், ஒரே ஒரு மாதிரி உள்ள கூறும் இரண்டு மாதிரி உள்ள கூறும் சம எடை பெற்றுவிடும். ஐந்து கூறுகளின் கணிப்புகளையும் ஒன்றாகக் குவித்து, ஒன்பதுக்கு எத்தனை என்று எண்ணுவதே நேர்மையானது. ஒன்பதில் ஏழு சரியென்றால் 78 சதவீதம். இதையும் அப்படியே நம்பிவிட முடியாது. புள்ளியியலில் வழக்கமாகச் சொல்லப்படும் 95 சதவீத நம்பக இடைவெளியை வில்சன் முறையில் கணக்கிட்டால், உண்மையான திறன் சுமார் 45 முதல் 94 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வருகிறது. இந்த அகலத்தை எந்தப் பிரிப்பு முறையும் குறைக்காது. கூடுதல் மாதிரிதான் குறைக்கும்.

சோதனை மதிப்பெண் பிடிக்கவில்லையென்றால் `random_state` எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்து, அழகான எண் வரும்போது நிறுத்துவோரும் உண்டு. இரண்டு மாதிரிகளை வைத்து இதைச் செய்தால் சீக்கிரமே நூறு வந்துவிடும். அந்த நூறு கணினியின் திறமையைச் சொல்லவில்லை. எந்த இரண்டு மாதிரி எளிதானவை என்பதைத்தான் சொல்கிறது.

அரிய வகை குறைவாக இருப்பதால் அதைப் பெருக்கிக் காட்டும் உத்தியும் புழக்கத்தில் இருக்கிறது. இருக்கும் மாதிரிகளை நகலெடுக்கலாம். அல்லது 2002இல் வெளியான ‘ஸ்மோட்’ முறையில், ஒரே வகையின் அண்டை மாதிரிகள் இரண்டுக்கு இடையில் புதிய செயற்கை மாதிரியை உருவாக்கலாம். இதில் தவறில்லை. எந்த நேரத்தில் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒன்பது மேசைப் பாத்திரங்களையும் முதலில் நகலெடுத்து 76 ஆக்கிவிட்டுப் பிறகு பிரித்தால், ஒவ்வொரு மூல மாதிரிக்கும் எட்டு அல்லது ஒன்பது பிரதிகள் இருக்கும். அவற்றில் சில பயிற்சிக்கும் சில சோதனைக்கும் போகும். கணினி ஏற்கெனவே மனப்பாடம் செய்த அதே மாதிரியைத்தான் சோதனையிலும் பார்க்கிறது, மதிப்பெண் கொட்டும். வகைவாரிப் பிரிப்பு இதைத் தடுக்காது. எண்ணிக்கை சரியாக இருப்பதால் மேலே சொன்ன இரண்டு அச்சு வரிகளிலும் இது தெரியாது. முதலில் பிரித்து, பயிற்சிப் பக்கத்தை மட்டும் பெருக்கி, சோதனைப் பக்கத்தை இயல்பான விகிதத்திலேயே விடுவதுதான் சரியான வரிசை.

நகலெடுக்காமலே இதே கோளாறு தரவுக்குள் ஒளிந்திருப்பதும் உண்டு. அதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, தோல் புள்ளிகளின் படங்கள் அடங்கிய ஹாம்10000 தொகுப்பு. வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள ஒரு தோல் புற்றுநோய் மருத்துவமனையிலும் பல ஆண்டுகளாகத் திரட்டப்பட்டு 2018இல் வெளியானது. ஏழு வகைகளில் 10,015 படங்கள். சாதாரண மச்சம் 6,705; மெலனோமா என்னும் புற்றுநோய் 1,113; மிக அரிய வகையான டெர்மட்டோஃபைப்ரோமா என்னும் தீங்கற்ற கட்டி 115 மட்டுமே.

படங்கள் 10,015 என்றாலும் படமெடுக்கப்பட்ட புள்ளிகள் 7,470தான். ஒரே புள்ளியை வெவ்வேறு கோணத்திலும் உருப்பெருக்கத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை படமெடுத்திருக்கிறார்கள். 115 டெர்மட்டோஃபைப்ரோமா படங்களும் 73 கட்டிகளிலிருந்து வந்தவை. படங்களை வகைவாரியாகப் பிரித்தால் 115இல் 23 படம் சரியாகச் சோதனைக்குப் போகும். விகிதம் அச்சுப் பிசகாமல் இருக்கும். ஆனால் அந்த 23இல் பலவற்றின் உடன்பிறப்புப் படங்கள் பயிற்சிப் பக்கத்தில் இருக்கும். நோயை அடையாளம் காணக் கற்றதா, குறிப்பிட்ட அந்தக் கட்டியை நினைவில் வைத்திருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. அரிய வகைக்கே இதனால் பாதிப்பு அதிகம். மச்சத்தில் 6,705 படங்கள் 5,403 புள்ளிகளிலிருந்து வந்தவை. புள்ளி ஒன்றுக்கு ஒன்றேகால் படத்துக்குக் கீழேதான். டெர்மட்டோஃபைப்ரோமாவில் அது ஒன்றரைக்கு மேல்.

இதைச் சரிசெய்ய, பிரிக்கும் அலகைப் படத்திலிருந்து புள்ளிக்கு மாற்ற வேண்டும். தொகுப்போடு வரும் அட்டவணையில் ஒவ்வொரு படத்துக்கும் `lesion_id` என்ற அடையாள எண்ணும் `dx` என்ற நோய்ப் பெயரும் இருக்கின்றன. முதலில் ஓர் அடையாள எண்ணுக்கு ஒரு வரி என்று 7,470 வரிகள் கொண்ட பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலை `dx`படி வகைவாரியாகப் பிரிக்க வேண்டும். டெர்மட்டோஃபைப்ரோமாவின் 73 கட்டிகளில் பதினான்கோ பதினைந்தோ சோதனைக்குப் போகும். பிறகு ஒவ்வொரு புள்ளியின் எல்லாப் படங்களும் அந்தப் புள்ளி போன பக்கத்துக்கே போக வேண்டும். படக் கணக்கில் விகிதம் கொஞ்சம் பிசகலாம், அதை ஏற்றுக்கொள்ளலாம். கூறுகளாகப் பிரித்துச் சோதிப்பவர்களுக்காக இதே வேலையைச் செய்யும் `StratifiedGroupKFold` என்ற கருவி சைக்கிட்-லேர்னின் 1.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஒரு குழுவைப் பிளக்காமல் வைத்துக்கொண்டு, வகைகளின் விகிதத்தை இயன்ற அளவு காப்பாற்ற அது முயலும். இரண்டும் மோதும்போது குழுவைப் பிளக்காமல் இருப்பதற்கே முன்னுரிமை தருகிறது.

இங்கே சரிபார்ப்புக்கு இன்னொரு வரி கூடுதலாக வேண்டும். பயிற்சிப் பக்கத்து `lesion_id` எண்களையும் சோதனைப் பக்கத்து எண்களையும் இரு கணங்களாக்கி, இரண்டுக்கும் பொதுவானவை எத்தனை என்று எண்ண வேண்டும். பூச்சியம் வர வேண்டும். ஒன்று வந்தாலும் பிரிப்பை மீண்டும் தொடங்க வேண்டும்.